கறுப்பு முனை எங்கே இருக்கிறது?

V = IR என்று பலகையில் எழுதி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவதில் எனக்கு நீண்ட நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. சூத்திரத்தில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் V, I இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே அளவு எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, இரண்டும் ஒரே வகைப் பொருள் என்று தோன்றிவிடுகிறது. கம்பிக்குள் கரண்ட் இருப்பது போலவே வோல்டேஜும் உள்ளே இருந்துகொண்டு ஓடுகிறது என்ற படம் மனசில் பதிந்துவிடுகிறது. தருமபுரியில் ஒரு பாலிடெக்னிக்கின் எலக்ட்ரிக்கல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வருஷமும் முதலாண்டுப் பிள்ளைகள் மல்டிமீட்டரைக் கையில் எடுத்ததும் இந்தப் படம் வெளியே வரும். சிவப்பு முனையை மட்டும் கம்பியில் வைத்துவிட்டு, கறுப்பு முனையை மேசையில் தொங்கவிட்டபடி, "சார், வோல்டேஜ் காட்டலையே" என்பார்கள். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு முனையை வைத்து வோல்டேஜ் அளக்க முடியாது என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். இரண்டு முனையையும் வைக்கவும் பழகிவிடுவார்கள். ஆனால் ஏன் இரண்டு வேண்டும் என்ற கேள்வி அங்கேயே நின்றுவிடும். அது ஏதோ மீட்டர் கம்பெனிக்காரன் வைத்த முறை என்பது போல. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போன உழவு சமயத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் அக்கா வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு, எங்கே தொடங்குவது என்பது தெளிவாகிவிட்டது.

ரெண்டு பக்கமும் பன்னிரண்டரை

அக்கா வீட்டு டிராக்டரின் பின்னால், கலப்பையைப் பார்த்தபடி ஒரு விளக்கு இருக்கிறது. 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன் பல்பு. இருட்டிய பிறகு உழும்போது சால் நேராகப் போகிறதா என்று திரும்பிப் பார்க்க அதுதான் துணை. அமைப்பு எளிமையானது. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து பியூஸ், அங்கிருந்து சுவிட்ச், அங்கிருந்து பல்பின் ஒரு முனை. பல்பின் மறுமுனையிலிருந்து ஒரு குட்டைக் கம்பி, அதன் நுனியில் வளையம் போன்ற லக், அந்த லக்கை மட்கார்டோடு சேர்த்து இறுக்கும் ஒரு போல்ட். மட்கார்டு, சேஸிஸ் எல்லாம் பேட்டரியின் மைனஸோடு சேர்ந்தவை. வண்டியின் இரும்பு உடம்பே திரும்பும் கம்பி. இதைத்தான் வண்டிக்காரர்கள் எர்த் என்கிறார்கள்.

அந்த விளக்கு எரியவில்லை. அக்கா மகன் முதலாமாண்டு எலக்ட்ரிக்கல் படிக்கிறான். மீட்டரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தவன் அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான். "மாமா, பல்பைக் கழட்டி நேரா பேட்டரியில வெச்சுப் பார்த்தேன், நல்லா எரியுது. பியூஸ் நல்லா இருக்கு. பல்புக்கு வர்ற கம்பியில பன்னிரண்டரை வோல்ட் வருது. அந்தப் பக்கமும் பார்த்தேன், அங்கயும் பன்னிரண்டரை இருக்கு. ரெண்டு பக்கமும் கரண்ட் வந்தும் ஏன் மாமா எரியல?"

அவன் அளந்த விதம் இதுதான். கறுப்பு முனையை ஒரு கவ்வி போட்டு பேட்டரியின் மைனஸில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒவ்வோர் இடமாக வைத்துக்கொண்டே போயிருக்கிறான். மெக்கானிக்குகளும் இப்படித்தான் செய்வார்கள், வேலைக்கு வசதியான முறை. ஆனால் கறுப்பு முனையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விட்டுவிட்டால், கொஞ்ச நேரத்தில் அது இருப்பதே மறந்துபோகும். அப்புறம் திரையில் தெரியும் எண் சிவப்பு முனை தொட்ட இடத்துக்கே சொந்தமானது போலத் தோன்றும். "இந்த இடத்தில் பன்னிரண்டரை இருக்கிறது" என்று வாய் சொல்லிவிடும். உண்மையில் மீட்டர் சொன்னது வேறு: இந்த இடத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 12.5 வோல்ட் வித்தியாசம்.

நான் கவ்வியைக் கழற்றி, கறுப்பு முனையை அவன் கையிலேயே கொடுத்தேன். "பல்போட ரெண்டு முனையிலயும் ரெண்டையும் வெச்சுப் பாருடா" என்றேன். வைத்தான். திரையில் 0.00. பல்பு எரியாததற்குக் காரணம் அந்த ஒரு எண்ணிலேயே இருக்கிறது. பல்பின் இந்த முனை பேட்டரி மைனஸைவிட 12.5 வோல்ட் மேலே, அந்த முனையும் அதே 12.5 வோல்ட் மேலே. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இல்லை. பல்புக்குத் தன் இரண்டு முனைகளுக்கு நடுவில் இருப்பது மட்டுமே கணக்கு. பேட்டரி மைனஸ் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

"அப்போ அந்தப் பன்னிரண்டரை எங்க மாமா போச்சு?" என்றான். இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. பேட்டரி முனைகளில் அளந்தால் 12.5 இருக்கிறது. பல்பில் இல்லை. அப்படியானால் அந்த வட்டத்தில் வேறெங்கோ அது முழுதாக இருக்க வேண்டும். சிவப்பை பல்பின் எர்த் பக்க முனையில் வைத்து, கறுப்பை மட்கார்டில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்த ஓர் இடத்தில் அழுத்தச் சொன்னேன். 12.5. அந்தக் குட்டைக் கம்பியும் லக்கும் போல்ட்டும் இருக்கும் அந்த ஒரு சாண் இடத்தில் பேட்டரியின் முழு வோல்டேஜும் நின்றுகொண்டிருந்தது. மட்கார்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். லக்கைப் பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார்கள், போல்ட்டின் மரையிலோ துரு. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பார்க்க இறுக்கமாக இருந்த அந்த இணைப்பு, மின்சாரத்துக்குத் திறந்த சுவிட்ச்.

கரண்ட் பூஜ்யம், வோல்டேஜ் முழுசு

இங்கே முதலாண்டுப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். வட்டம் அறுந்திருக்கிறது, ஆகவே கரண்ட் பூஜ்யம். V = IR. I பூஜ்யம் என்றால் V பூஜ்யம்தானே? பிறகு எப்படி அறுந்த இடத்தில் 12.5?

அந்தச் சூத்திரத்தில் உள்ள V யாருடையது என்று பார்க்க வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட மின்தடையின் இரண்டு முனைகளுக்கு நடுவில் உள்ளது. R எந்தப் பொருளுடையதோ, V அதே பொருளின் இரு முனைகளுக்கு நடுவிலானது, I அதே பொருளின் வழியாகப் போவது. பல்பின் இழைக்கு இதைப் போடுங்கள். இழையின் தடை ஒரு சாதாரண எண், கரண்ட் பூஜ்யம், ஆகவே இழையின் இரு முனைகளுக்கு நடுவில் பூஜ்யம். மீட்டர் காட்டியதும் அதுதான். அதனால்தான் பல்பின் எர்த் பக்க முனைகூட பிளஸ் பக்கத்தின் அளவிலேயே இருந்தது. அறுந்த இடத்துக்குப் போட்டால், அங்கே R எல்லையில்லாமல் பெரியது. பூஜ்யத்தை எல்லையற்றதால் பெருக்கினால் என்ன வரும் என்று சூத்திரம் சொல்லாது. வட்டத்தின் மீதிக் கணக்குத்தான் சொல்லும்: பேட்டரி 12.5 தருகிறது, மற்ற எல்லா இடத்திலும் பூஜ்யம், ஆகவே மிச்சம் முழுதும் இங்கே.

ஒரு சுவிட்சை மட்டும் எடுத்துக்கொண்டால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஆஃப் செய்த சுவிட்சின் இரண்டு முனைகளில் மீட்டரை வையுங்கள்: முழு வோல்டேஜ், கரண்ட் இல்லை. ஆன் செய்துவிட்டு வையுங்கள்: கரண்ட் முழுதாகப் போகிறது, வோல்டேஜ் ஏறக்குறைய இல்லை. வோல்டேஜ் என்பது ஓடுகிற ஒன்றாக இருந்தால் இது நடக்கவே முடியாது.

உயரமும் சுங்கச்சாவடியும்

அக்கா மகனுக்கு நான் சொன்ன உவமை எங்கள் ஊர்ச் சாலைதான். பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் ஓசூரைத் தாண்டினால் கிருஷ்ணகிரி வரை இறக்கம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர், கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர். "ஓசூர் எவ்வளவு உயரம்?" என்று கேட்டால், எதிலிருந்து என்று திருப்பிக் கேட்க வேண்டும். கடலிலிருந்து 900, கிருஷ்ணகிரியிலிருந்து 400, ஓசூரிலிருந்தே அளந்தால் பூஜ்யம். மூன்றும் சரியான விடை. நாம் எங்கே பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து எண் மாறும். ஆனால் இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள 400 மீட்டர் இறக்கம், யார் எங்கிருந்து அளந்தாலும் மாறாது. லாரி உணர்வது அந்த இறக்கத்தைத்தான்.

அதே சாலையில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஒருவர் உட்கார்ந்து, நிமிடத்துக்கு எத்தனை வண்டி போகிறது என்று எண்ணலாம். அவருக்கு இன்னோர் இடம் தேவையில்லை. தன் முன்னால் ஒரு கோடு, அந்தக் கோட்டைக் கடக்கும் வண்டிகள், கையில் ஒரு கடிகாரம், அவ்வளவுதான். கரண்ட் இந்த வகை. கம்பியில் ஓர் இடத்தில் குறுக்கே கோடு போட்டதாக நினைத்துக்கொண்டு, ஒரு விநாடியில் எத்தனை கூலும் மின்னூட்டம் அதைக் கடக்கிறது என்று எண்ணினால் அதுவே ஆம்பியர். ஒரு கூலும் என்பது ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்களின் மின்னூட்டம். கரண்ட்டுக்கு ஓர் இடம் போதும், வோல்டேஜுக்கு இரண்டு இடம் வேண்டும்.

இந்த உவமை ஓர் எல்லை வரைதான் வரும். லாரி கிருஷ்ணகிரியோடு நின்றுவிடலாம், திரும்ப வேண்டியதில்லை. மின்னூட்டம் அப்படியில்லை. வட்டம் மூடியிருந்தால்தான் ஓடும். கீழே இறங்கியதை பேட்டரி மறுபடியும் மேலே ஏற்றி அனுப்புகிறது. சாலை ஓரிடத்தில் அறுந்தால் வண்டிகள் அங்கே போய்த் தேங்கும். கம்பி அறுந்தாலோ, நம் கண்ணோட்டத்தில் அதே கணத்தில் வட்டம் முழுவதும் நின்றுவிடும்.

பாதி சுரண்டிய போல்ட்

டிராக்டருக்கு வருகிறேன். அக்கா மகன் போல்ட்டைக் கழற்றி, லக்கின் அடியில் இருந்த பெயின்ட்டை அவசரமாகக் கொஞ்சம் சுரண்டிவிட்டு மாட்டினான். விளக்கு எரிந்தது, ஆனால் மங்கலாக, செம்மஞ்சளாக. நான் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நிலை கிடைக்காது. "அப்படியே விடு, தொடாத. மறுபடி அள" என்றேன்.

பல்பின் இரு முனைகளுக்கு நடுவில் 5 வோல்ட் சொச்சம். எர்த் இணைப்பில், அதாவது பல்பின் எர்த் பக்க முனைக்கும் வெறும் இரும்புக்கும் நடுவில், 7 வோல்ட் சொச்சம். மீதி, ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, கம்பியிலும் சுவிட்சிலும். கூட்டினால் பேட்டரி முனைகளில் காட்டும் எண் அப்படியே வருகிறது. அப்புறம் மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பியூஸைக் கழற்றிய இடத்தில் மீட்டரைத் தொடரில் வைத்தோம். மூன்று ஆம்பியருக்குச் சற்றுக் கீழே காட்டியது. பல்புக்கு இந்தப் பக்கம் கம்பியைப் பிரித்து அளந்தாலும், அந்தப் பக்கம் எர்த் கம்பியில் அளந்தாலும் அதே எண்.

இங்கே ஒரே கரண்ட், இரண்டு வேறு வோல்டேஜ். பல்பு வழியே போகும் மின்னூட்டம்தான் துருப்பிடித்த போல்ட் வழியேயும் போகிறது, வேறு வழியில்லை. பல்பு கரண்ட்டைத் தின்றுவிடவில்லை. உள்ளே போனது அவ்வளவும் வெளியே வந்துவிடுகிறது. குறைந்தது வேறு. ஒவ்வொரு கூலும் மின்னூட்டமும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகையில் எவ்வளவு ஆற்றலை விட்டுச்செல்கிறது என்பதுதான் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவிலான வோல்டேஜ். ஒரு வோல்ட் என்றால் ஒரு கூலுமுக்கு ஒரு ஜூல். பல்பைக் கடக்கும் ஒவ்வொரு கூலுமும் 5 ஜூல் விட்டது, போல்ட்டைக் கடக்கும்போது 7 ஜூல் விட்டது. பல்பைவிட போல்ட்தான் அதிகம் வாங்கிக்கொண்டிருந்தது. 7 வோல்ட்டை 2.8 ஆம்பியரால் பெருக்கினால் ஏறக்குறைய 20 வாட். லக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், விரலை வெடுக்கென்று எடுத்தான். வண்டிகளில் எர்த் இணைப்புக்குப் பக்கத்தில் கம்பியின் மேலுறை கருகியிருந்தால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

பிறகு உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, போல்ட்டையும் மாற்றி இறுக்கினோம். பல்பில் 11.9, எர்த் இணைப்பில் 0.1, கம்பியும் சுவிட்சும் பியூஸும் சேர்ந்து 0.4. பேட்டரியில் 12.4. கரண்ட் நான்கரை ஆம்பியர். 11.9 × 4.5 = 53.6 வாட், பல்பில் அச்சிட்ட 55-க்குப் பக்கத்தில். நல்ல இணைப்பில் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் வோல்டேஜ் ஏறக்குறைய இருக்கவே கூடாது. இதனால்தான் வேலை தெரிந்தவர்கள் இணைப்பு சரியா என்று பார்க்க, விளக்கை எரியவிட்டு, கரண்ட் போகும்போதே இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் வைக்கிறார்கள். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு அளந்தால் மோசமான இணைப்பும் நல்லது போலவே 0.00 காட்டும்.

சுவிட்சைப் போட்டதும் எரிகிறதே

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவன் இன்னொன்று கேட்டான். ஓடுவது மின்னூட்டம்தான் என்றால், அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். செம்பில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8.5 × 10²⁸ ஓடக்கூடிய எலக்ட்ரான்கள். கம்பியின் குறுக்குப் பரப்பு ஒன்றரை சதுர மில்லிமீட்டர். அதில் நான்கரை ஆம்பியர் போனால், எலக்ட்ரான்கள் சராசரியாக நகரும் வேகம் விநாடிக்கு 0.22 மில்லிமீட்டர் வருகிறது. சுவிட்சிலிருந்து பல்பு வரை 3 மீட்டர் கம்பி என்றால், ஓர் எலக்ட்ரான் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 4 மணி நேரம். அவன் நம்பவில்லை, இரண்டு தடவை கணக்கைப் போட்டான். (உண்மையில் எலக்ட்ரான்கள் நகர்வது மைனஸிலிருந்து பிளஸ் பக்கம். கரண்ட்டின் திசையை நாம் மரபாக எதிராகக் குறிக்கிறோம். வேகத்தின் கணக்கு அதனால் மாறாது.)

பிறகு எப்படி உடனே எரிகிறது? கம்பி முழுவதும், பல்பின் இழைக்குள்ளும், எலக்ட்ரான்கள் முன்பே நிறைந்திருக்கின்றன. சுவிட்சை மூடியதும் நடப்பது, வோல்டேஜ் எங்கே நிற்பது என்பது மாறுவதுதான். அதுவரை சுவிட்சின் இரண்டு முனைகளுக்கு நடுவில் நின்ற 12.5 வோல்ட் வித்தியாசம், கம்பியின் மேற்பரப்பில் மிகச் சிறிதளவு மின்னூட்டம் இடம் மாறிக்கொள்வதால், பல்பின் இரு முனைகளுக்கு நடுவில் போய்ச் சேர்கிறது. இந்த மாற்றம் ஒளியின் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் நடக்கிறது. பல்பின் இரு முனைகளுக்கு நடுவில் வித்தியாசம் வந்ததும், இழையில் அங்கேயே இருந்த எலக்ட்ரான்கள் நகரத் தொடங்குகின்றன. சுவிட்சிலிருந்து யாரும் வந்து சேரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓடுவது மெதுவாக, வித்தியாசம் அமைவது கண்ணிமைக்கும் முன்பே. இரண்டும் வேறு வேறு என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி

இப்போது முதல் ஆய்வக வகுப்பில் V = IR எழுதுவதற்கு முன்னால் மேசையில் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வைத்துவிடுகிறேன். ஒன்றையொன்று தொடக்கூடாது. முதல் பேட்டரியின் பிளஸ்ஸில் சிவப்பு, இரண்டாவதன் மைனஸில் கறுப்பு. மீட்டர் என்ன காட்டும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொல்கிறேன். வகுப்பில் பெரும்பாலானோர் 9 என்று எழுதுவார்கள். பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, பிறகென்ன என்பது அவர்கள் நியாயம். மீட்டர் காட்டுவது பூஜ்யம். முதல் பேட்டரி தன் பிளஸ்ஸுக்கும் தன் மைனஸுக்கும் நடுவில்தான் 9 வோல்ட்டை வைத்திருக்கிறது. இன்னொரு பேட்டரியின் மைனஸ் அதற்கு எந்த உறவும் இல்லாத இடம். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசத்தை நிர்ணயிக்க எதுவுமே இல்லை. மீட்டரின் உள் தடை வழியாக மிகச் சிறிய மின்னூட்டம் நகர்ந்து அவ்விரண்டு முனைகளையும் சமமாக்கிவிடுகிறது.

அப்புறம் முதல் பேட்டரியின் மைனஸையும் இரண்டாவதன் பிளஸ்ஸையும் ஒரே ஒரு கம்பியால் இணைக்கச் சொல்வேன். மீட்டரை எடுப்பதில்லை, முனைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எண் சட்டென்று 18-க்குப் பக்கத்தில் ஏறும். இணைத்த கம்பியில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று கேட்பேன். மீட்டருக்குள் போகும் மைக்ரோ ஆம்பியர் கணக்கை விட்டுவிட்டால், எதுவும் இல்லை. அந்தக் கம்பியின் இரு முனைகளுக்கு நடுவில் எத்தனை வோல்ட்? அதுவும் பூஜ்யம். தன்னில் எதுவுமே ஓடாத, தன் முனைகளுக்கு நடுவில் எந்த வித்தியாசமும் இல்லாத ஒரு கம்பி, மேசையின் இரண்டு ஓரங்களுக்கு நடுவில் 18 வோல்ட்டைக் கொண்டுவந்துவிட்டது. அது செய்தது, இரண்டு தனித்தனி அளவுகோல்களை ஓர் இடத்தில் பொருத்தியது மட்டும்தான்.

கடைசியாக, வெளி முனைகளுக்கு நடுவில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இப்போது கரண்ட் 8 மில்லி ஆம்பியர் அளவு, வட்டத்தில் எங்கே பிரித்து மீட்டரைத் தொடரில் வைத்தாலும் அதே 8. இணைப்புக் கம்பியிலும் 8, அதன் இரு முனைகளுக்கு நடுவில் இன்னும் பூஜ்யம் என்று சொல்லும்படியான வோல்டேஜ். ரெசிஸ்டரின் இரு முனைகளில் 18. இந்த இடத்தில் யாராவது ஒருவர் மீட்டரின் சிவப்பு வயரை மில்லி ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு வோல்டேஜ் அளக்கப் போவார், நான் அதற்காகவே பக்கத்தில் நிற்பேன். கரண்ட் அளக்கும் மீட்டர் வட்டத்தின் ஒரு பகுதியாக நிற்க வேண்டியது, ஓட்டத்தைத் தடுக்கக்கூடாது என்பதற்காக அதன் தடை மிகக் குறைவு. அதை ரெசிஸ்டரின் இரண்டு முனைகளில் வைத்தால் ரெசிஸ்டரைச் சுற்றிக் குறுக்குவழி போட்டதாகிவிடும், மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். வோல்டேஜ் அளக்கும் மீட்டர் இரண்டு இடங்களுக்கு நடுவில் வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பது, அதன் வழியே ஏறக்குறைய எதுவும் ஓடக்கூடாது, ஆகவே தடை மிக அதிகம், சாதாரண டிஜிட்டல் மீட்டரில் பெரும்பாலும் 10 மெகா ஓம். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இந்த இரண்டு மீட்டர்களுக்கும் துளைகள் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பதை, பியூஸ் போவதற்கு முன்பே நோட்டில் எழுதச் சொல்கிறேன்.